வெல்டிங் மிஷினுக்கு சாக்கெட் அமைப்பது எப்படி? – பிரேக்கரும் கேபிளும் தேர்ந்தெடுக்கும் பாடம்



ஜன்னல் கிரில், கேட், ஆட்டுத் தொட்டி ஸ்டாண்டு, சைக்கிள் கேரியர் என்று இரும்பு வேலையில் இறங்கும் குழுக்கள் இப்போது உண்டு. இந்தத் தொழிலுக்கான கடன் மதிப்பீட்டில் மிஷின் விலை இருக்கும், கட்டிங் மிஷின் இருக்கும், ராடு இருக்கும், ஹெல்மெட் கூட இருக்கும். வயரிங் செலவு மட்டும் பெரும்பாலும் இருக்காது. "பக்கத்துல பிளக் இருக்கே, அதுல சொருகிக்கலாம்" என்று விட்டுவிடுகிறோம். பிறகு முதல் மாதத்திலேயே பிளக் கருகும், வயர் இளகும், பிரேக்கர் விழுந்துகொண்டே இருக்கும். அதைச் சரி செய்கிறேன் என்று யாராவது பெரிய பிரேக்கரை மாட்டிவிட்டால், அன்றிலிருந்து தகரக் கொட்டகைக்குள் நெருப்பை வளர்க்கிறோம் என்று அர்த்தம்.

இந்தப் பாடத்தில் ஒரே ஒரு மிஷினை எடுத்துக்கொண்டு, அதற்கு எந்த பிரேக்கர், எந்த கேபிள், எந்த சாக்கெட் என்று கணக்குப் போட்டுப் பார்ப்போம். வயரிங் வேலையை லைசென்ஸ் உள்ள வயர்மேன்தான் செய்ய வேண்டும். நாமே செய்யக்கூடாது. ஆனால் அவர் என்ன போடுகிறார், ஏன் போடுகிறார் என்று கேட்கத் தெரிந்திருக்க வேண்டும். கடன் கட்டப்போவதும், அந்த மிஷினைப் பிடித்து வேலை செய்யப்போவதும் நாம்தானே!

முதலில் மிஷினின் பெயர்ப் பலகையைப் படிப்போம்

ஒவ்வொரு வெல்டிங் மிஷினின் பின்பக்கத்திலும் ஒரு சிறிய தகடு ஒட்டியிருக்கும். கடைக்காரர் சொல்வதை விட இந்தத் தகடு சொல்வதையே நாம் நம்ப வேண்டும். நம்முடைய உதாரணக் குழு வாங்கியது இன்வெர்ட்டர் வகை மிஷின். கையில் தூக்கிச் செல்லக்கூடியது, 230 வோல்ட் சிங்கிள் பேஸில் ஓடுவது. அதன் தகட்டில் நமக்கு வேண்டிய விவரங்கள் மூன்று.

ஒன்று, மிஷின் கரண்ட் கம்பத்திலிருந்து இழுக்கும் அதிகபட்ச அளவு: 31 ஆம்பியர். இங்கிலீஷில் 'ஐ' என்ற எழுத்தும், சின்ன 1-ம், பக்கத்தில் 'மேக்ஸ்' என்றும் போட்டிருக்கும். இரண்டு, 160 ஆம்பியரில் வெல்டிங் செய்யும்போது டியூட்டி சைக்கிள் 40 சதவீதம். மூன்று, அதே 'ஐ 1' பக்கத்தில் 'எஃப்' என்று போட்டு 19.6 ஆம்பியர்.

இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுவோம். 160 ஆம்பியர் என்பது ராடு பக்கம் வருவது. அங்கே வோல்டேஜ் குறைவு, 26 வோல்ட் அளவுதான், அதனால் ஆம்பியர் அதிகம். சுவர் பக்கம் 230 வோல்ட், அதனால் ஆம்பியர் குறைவு. "160 ஆம்பியர் மிஷினுக்கு 160 ஆம்பியர் வயர் வேணுமா?" என்று பயப்பட வேண்டாம். "மிஷின் சின்னதா இருக்கே, ஃபேன் வயரே போதும்" என்றும் நினைக்க வேண்டாம். சாக்கெட்டுக்கும் கேபிளுக்கும் நாம் பார்க்க வேண்டியது சுவர் பக்கக் கணக்கு மட்டுமே.

விட்டு விட்டு இழுக்கும் லோடு என்றால் என்ன?

தண்ணீர் மோட்டார் போட்டால் ஒரு மணி நேரமும் ஒரே அளவில் கரண்ட் இழுக்கும். வெல்டிங் மிஷின் அப்படி இல்லை. ராடு எரியும்போது முழு அளவில் இழுக்கும். ராடு மாற்றும்போது, கசடு தட்டும்போது, அடுத்த துண்டைப் பொருத்தும்போது ஏறக்குறைய ஒன்றும் இழுக்காது. டியூட்டி சைக்கிள் 40 சதவீதம் என்றால், 10 நிமிடத்தில் 4 நிமிடம் ராடு எரியலாம், 6 நிமிடம் மிஷின் ஓய்வாக இருக்க வேண்டும் என்று பொருள்.

அப்படியானால் வயருக்கு எவ்வளவு சூடு ஏறும்? பலரும் இங்கே தவறாகக் கணக்குப் போடுகிறார்கள். 31 ஆம்பியரில் 40 சதவீதம் எடுத்தால் 12.4 ஆம்பியர், ஆகவே 16 ஆம்பியர் பிளக் போதும் என்கிறார்கள். இது சரியில்லை. வயரில் ஏறும் சூடு கரண்ட் அளவோடு ஒரே விகிதத்தில் ஏறுவதில்லை. கரண்ட் இரண்டு மடங்கானால் சூடு நான்கு மடங்காகும். மூன்று மடங்கானால் ஒன்பது மடங்காகும். அதனால் இப்படிக் கணக்குப் போட வேண்டும்:

31-ஐ 31-ஆல் பெருக்கினால் 961.
10 நிமிடத்தில் 4 நிமிடம்தான் ஓடுகிறது, ஆகவே 961-இல் 40 சதவீதம் எடுத்தால் 384.
எந்த எண்ணை அதே எண்ணால் பெருக்கினால் 384 வரும்? 19.6.

தகட்டில் இருந்த மூன்றாவது எண் இதுதான். இந்த மிஷினை அதன் எல்லை வரை வேலை வாங்கினால், வயருக்கு 19.6 ஆம்பியர் நிற்காமல் ஓடினால் எவ்வளவு சூடு ஏறுமோ அவ்வளவு சூடு ஏறும். 12.4 அல்ல. ஆகவே 16 ஆம்பியர் வீட்டு சாக்கெட் இதற்குப் போதவே போதாது. கணக்கும் அதைத்தான் சொல்கிறது, கருகிய பிளக்குகளும் அதைத்தான் சொல்கின்றன.

சரி, 19.6-க்கு ஏற்ற வயர் போட்டால் போதுமா என்றால், அதுவும் போதாது. ஏன் என்று பார்ப்போம். கனமான தோசைக்கல் சூடாக நேரம் எடுக்கும், மெல்லிய தகர மூடி அடுப்பில் வைத்ததுமே சுட்டுவிடும். வயரும் அப்படித்தான். மெல்லிய வயர் சில நிமிடங்களிலேயே முழுச் சூட்டை எட்டிவிடும். 4 நிமிடம் தொடர்ந்து 31 ஆம்பியர் ஓடும்போது, பின்னால் வரும் 6 நிமிட ஓய்வு அதைக் காப்பாற்றாது. சூடு ஏறி ஏறி இறங்குவதால் பி.வி.சி. உறை நாளடைவில் இறுகி வெடிக்கும். அதனால் சராசரியை மட்டும் நம்பாமல், கேபிளை பிரேக்கரோடு சேர்த்துத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும்.

பிரேக்கர் யாரைக் காப்பாற்றுகிறது?

எம்.சி.பி. என்கிற பிரேக்கர் மிஷினைக் காப்பாற்றுவதற்காக இல்லை. அது காப்பாற்றுவது சுவருக்குள் ஓடும் வயரை. இதை மனதில் வைத்தால் மற்றதெல்லாம் எளிது.

பிரேக்கருக்குள் இரண்டு காவல்காரர்கள் இருக்கிறார்கள். ஒருவர் நிதானமானவர். உள்ளே ஒரு உலோகத் தகடு சூடாகி வளைந்து, மெதுவாக இறக்கி விடும். இன்னொருவர் அவசரக்காரர். ஷார்ட் ஆகி திடீரென்று பெரிய கரண்ட் பாய்ந்தால் காந்தத்தால் கண்ணிமைக்கும் நேரத்தில் இறக்கி விடுவார்.

நிதானமானவர் எவ்வளவு நிதானம் என்பது பலருக்குத் தெரியாது. 32 ஆம்பியர் பிரேக்கர் 33 ஆம்பியர் வந்ததும் விழுந்துவிடாது. சுமார் 36 ஆம்பியர் வரை ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓடினாலும் அது தாங்கிக்கொண்டிருக்கலாம். 46 ஆம்பியர் ஓடினால்தான் ஒரு மணி நேரத்துக்குள் கட்டாயம் விழ வேண்டும். இது பிரேக்கரின் குறையல்ல, அது அப்படித்தான் செய்யப்படுகிறது. ஆகவே 32 ஆம்பியர் பிரேக்கருக்குப் பின்னால், 24 ஆம்பியர் மட்டுமே தாங்கும் 2.5 ஸ்கொயர் எம்.எம். வயரைப் போட்டால் என்ன ஆகும்? வயர் உள்ளுக்குள் வெந்துகொண்டிருக்கும், பிரேக்கர் சும்மா பார்த்துக்கொண்டிருக்கும்.

நம் மிஷினுக்கு எந்த பிரேக்கர்? அதிகபட்சம் 31 ஆம்பியர், எனவே 32 ஆம்பியர். சராசரிக் கணக்கை வைத்து 25 போட்டாலும் பல நாள் ஓடும்தான். ஆனால் வெயில் காலத்தில் தகரக் கொட்டகையில் பிரேக்கர் பெட்டியே சூடாக இருக்கும். உள்ளே இருக்கும் தகடு முன்கூட்டியே வளைந்து, வேலை நடுவே விழும். தவிர, மாலை நேரத்தில் வோல்டேஜ் 200-க்கு இறங்கினால், இன்வெர்ட்டர் மிஷின் அதே வேலையைச் செய்ய 31-க்குப் பதில் 36 ஆம்பியர் வரை இழுக்கும். அதனால் 32 தான் சரி.

அவசரக்காரரையும் கவனிக்க வேண்டும். பிரேக்கர் முகப்பில் எண்ணுக்கு முன் ஒரு எழுத்து இருக்கும். 'பி' என்றால் 3 முதல் 5 மடங்கு கரண்டில் உடனே விழும், 'சி' என்றால் 5 முதல் 10 மடங்கில், 'டி' என்றால் 10 முதல் 20 மடங்கில் விழும். வெல்டிங் மிஷினை ஆன் செய்யும் அந்த நொடியில் ஒரு பெரிய இழுப்பு இருக்கும். 'பி' போட்டால் அந்த இழுப்புக்கே விழுந்து தொந்தரவு செய்யும். இன்வெர்ட்டர் மிஷினுக்கு 'சி' வகை பெரும்பாலும் போதும். பழைய கனமான டிரான்ஸ்பார்மர் மிஷினுக்கு ஆன் செய்யும்போது இழுப்பு மிக அதிகம், அதற்கு 'டி' தேவைப்படலாம். ஆனால் 'டி' 32 உடனே விழ 640 ஆம்பியர் வரை பாய வேண்டியிருக்கும். எர்த்தும் வயரும் நன்றாக இருந்தால்தான் அவ்வளவு பாயும். அதனால் 'டி' போடுவதை வயர்மேன் அளந்து பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

நம் குழுவுக்கு: 'சி' 32, டபுள் போல். அதாவது பேஸ், நியூட்ரல் இரண்டையும் சேர்த்து இறக்குவது.

கேபிள் கணக்கு

விதி ஒன்றே: கேபிள் தாங்கும் அளவு, பிரேக்கர் எண்ணை விடக் குறையக்கூடாது. நம் பிரேக்கர் 32. ஆகவே, நம் கொட்டகையின் வெப்பத்தில், பைப்புக்குள் இருக்கும்போது, 32 ஆம்பியராவது தாங்கும் கேபிள் வேண்டும்.

சுவரில் பைப்புக்குள் போகும் பி.வி.சி. காப்பர் வயருக்கு, காற்று 30 டிகிரி இருக்கும்போது 4 ஸ்கொயர் எம்.எம். 32 ஆம்பியரும், 6 ஸ்கொயர் எம்.எம். 41 ஆம்பியரும் தாங்கும். 30 டிகிரிக் கணக்கில் 4 போதும் போலத் தெரிகிறது. ஆனால் நம் ஊர் சித்திரை மாதத்தில் தகரத்தின் கீழே 30 டிகிரியா இருக்கிறது? 45 டிகிரி என்று வைத்தால், இந்த அளவுகளை 0.79-ஆல் பெருக்க வேண்டும். அப்போது 4 ஸ்கொயர் எம்.எம். 25 ஆம்பியருக்கு இறங்கிவிடும். 6 ஸ்கொயர் எம்.எம். 32.4-இல் நிற்கும். ஆகவே நமக்கு 6 ஸ்கொயர் எம்.எம். காப்பர்.

இன்னொரு கணக்கும் உண்டு. மீட்டர் போர்டிலிருந்து கொட்டகை 25 மீட்டர் தூரம். தூரம் போகப் போக வயரில் வோல்டேஜ் கொஞ்சம் குறையும். 6 ஸ்கொயர் எம்.எம். வயரில் 31 ஆம்பியர் ஓடும்போது இந்த 25 மீட்டரில் சுமார் 6 வோல்ட் குறையும். அது பரவாயில்லை. 2.5 ஸ்கொயர் எம்.எம். போட்டிருந்தால் 14 வோல்ட் குறைந்திருக்கும். ஏற்கெனவே 205 வோல்ட் வரும் கிராமத்தில் இன்னும் 14 போனால் ஆர்க் பிடிக்காது, ராடு ஒட்டிக்கொள்ளும். "மிஷின் சரியில்லை" என்று கடைக்கு எடுத்துப் போவோம். குற்றவாளி மிஷின் அல்ல, வயர்.

பேஸ், நியூட்ரல், எர்த் மூன்றுமே 6 ஸ்கொயர் எம்.எம். தான். "எர்த்துக்கு சின்ன வயர் போதும்" என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ள வேண்டாம். இந்த வயர்களோடு லைட், ஃபேன் வயரைச் சேர்க்கக்கூடாது. போர்டிலிருந்து சாக்கெட் வரை நடுவில் ஜாயிண்ட் இல்லாமல் ஒரே நீளமாகப் போக வேண்டும். பைப் நேரடி வெயிலில் போகாமல் நிழல் பக்கமாகப் போவது நல்லது.

சாக்கெட்டும் ஆர்.சி.சி.பி.யும்

சாக்கெட்டுக்கு 32 ஆம்பியர் இண்டஸ்ட்ரியல் வகை வேண்டும். நீல நிறத்தில், உருண்டையாக, மூடியோடு இருக்கும். மூன்று உருண்டை முள், அதில் எர்த் முள் மட்டும் பருமன். பிளக் தானாகக் கழன்று வராதபடி மூடியே அதைப் பிடித்துக்கொள்ளும். வீட்டு 16 ஆம்பியர் சாக்கெட்டில் முள் பிடிப்பு இவ்வளவு இறுக்கம் இல்லை. 3.15 மி.மீ. ராடை 110 ஆம்பியரில் எரித்தாலே இந்த மிஷின் 20 ஆம்பியர் அளவு இழுக்கும். அந்தச் சின்ன சாக்கெட் அதிலேயே சூடாகிவிடும். இரும்புத் தூள் தெறிக்காத இடத்தில், தரையிலிருந்து இடுப்பு உயரத்துக்கு மேல் சாக்கெட்டை வைக்க வேண்டும். அவசரத்தில் கை எட்டும்படி பிரேக்கர் பக்கத்திலேயே இருக்க வேண்டும்.

பிரேக்கர் ஷாக்கிலிருந்து நம்மைக் காப்பாற்றாது. ஒரு மனித உடல் வழியாகப் பாயும் கரண்ட் ஒரு ஆம்பியரில் சிறு பங்குதான், ஆனால் உயிரை எடுக்க அது போதும். 32 ஆம்பியர் பிரேக்கருக்கு அது தெரியவே தெரியாது. அதற்காகத்தான் ஆர்.சி.சி.பி. வேண்டும். 40 ஆம்பியர், 30 மில்லி ஆம்பியர், 'ஏ' வகை என்று கேட்டு வாங்க வேண்டும். போகும் கரண்டும் திரும்பி வரும் கரண்டும் சமமாக இல்லாவிட்டால், எங்கோ கசிகிறது என்று அறிந்து அது உடனே இறக்கிவிடும். அதில் ஒரு டெஸ்ட் பட்டன் இருக்கும். மாதம் ஒரு முறை, குழுக் கூட்டம் நடக்கும் நாளில் அதை அழுத்திப் பாருங்கள். விழுந்தால் நல்லது. விழவில்லை என்றால் மாற்றும் வரை வெல்டிங் வேண்டாம்.

ஆர்.சி.சி.பி. சுவர் பக்கத்துக்குத்தான் காவல். ராடு பக்கம் அதற்குத் தெரியாது. அங்கே கையுறையும் காய்ந்த தரையும் ரப்பர் அடி போட்ட செருப்பும்தான் காவல். அத்துடன், வெல்டிங் எர்த் கிளாம்பை பற்றவைக்கும் இரும்பிலேயே, வேலை நடக்கும் இடத்துக்குப் பக்கத்தில் மாட்டுங்கள். எங்கோ கொட்டகைத் தூணிலோ தண்ணீர்க் குழாயிலோ மாட்டினால், அந்த 160 ஆம்பியர் நம்முடைய பச்சை எர்த் வயர் வழியாகத் திரும்பப் பார்க்கும். எர்த் வயர் வெந்து போகும். அது வெந்தது வெளியே தெரியாது, அடுத்த முறை ஷாக் அடிக்கும்போதுதான் தெரியும்.

வயர்மேன் செய்யும்போது நாம் பார்க்க வேண்டியவை

1. மெயினை இறக்கி, டெஸ்டரிலோ மீட்டரிலோ கரண்ட் இல்லை என்று பார்த்த பிறகே வேலை தொடங்க வேண்டும். மெயின் பக்கத்தில் ஒருவர் நிற்க வேண்டும், வேறு யாரும் போட்டுவிடாதபடி.

2. வரிசை இதுதான்: மீட்டர், மெயின் ஸ்விட்ச், 32 ஆம்பியர் டபுள் போல் எம்.சி.பி., ஆர்.சி.சி.பி., 6 ஸ்கொயர் எம்.எம். வயர், சாக்கெட். இந்த லைனில் வெல்டிங் சாக்கெட்டைத் தவிர வேறு எதுவும் தொங்கக்கூடாது.

3. பேஸ் சிவப்பு, நியூட்ரல் கறுப்பு, எர்த் பச்சை. திரீ பேஸ் இணைப்பாக இருந்தால் பேஸ் வயர் மஞ்சளாகவோ நீலமாகவோ இருக்கலாம், ஆனால் பச்சை எர்த்துக்கு மட்டுமே.

4. வயர் முனையில் உள்ள இழைகள் எல்லாமே ஸ்குரூவுக்குள் போயிருக்க வேண்டும். இடம் பத்தவில்லை என்று சில இழைகளை வெட்டிவிடுவதைப் பார்த்தால் நிறுத்தச் சொல்லுங்கள். வெட்டிய இடத்தில் 6 ஸ்கொயர் எம்.எம். வயர் 4 ஆகிவிடுகிறது. முனைக்கு ஈயம் பூசுவதும் வேண்டாம். ஸ்குரூவின் அழுத்தத்தில் ஈயம் மெல்ல நசுங்கி, பிடிப்பு தளர்ந்துவிடும்.

5. கரண்ட் கொடுப்பதற்கு முன் இரண்டு சோதனை. சாக்கெட்டின் எர்த் முள்ளிலிருந்து மெயின் எர்த் வரை தொடர்ச்சி இருக்கிறதா என்று மீட்டரில் பார்க்க வேண்டும். மெகர் வைத்து பேஸுக்கும் எர்த்துக்கும், நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் கசிவு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஒரு மெக் ஓமுக்குக் கீழே காட்டினால் கரண்ட் கொடுக்கக்கூடாது.

6. ஒரு மாதம் வேலை செய்த பிறகு வயர்மேனை மறுபடி அழைத்து, மெயினை இறக்கி, எல்லா ஸ்குரூவையும் இறுக்கச் சொல்லுங்கள். சூடாகி ஆறிச் சூடாகி ஆறி ஸ்குரூ தளரும். விட்டு விட்டு இழுக்கும் லோடின் குணமே இது.

பிரேக்கர் விழுந்தால் எதைப் பார்ப்பது?

எப்போது விழுகிறது என்று முதலில் கவனியுங்கள். ஆன் செய்த அந்த நொடியே விழுந்தால், அது அவசரக்காரரின் வேலை. மிஷினை பிளக்கிலிருந்து கழற்றிவிட்டு பிரேக்கரைப் போட்டுப் பாருங்கள். அப்போதும் விழுந்தால் வயரிலோ சாக்கெட்டிலோ ஷார்ட். அப்போது நின்று, மிஷினை மாட்டினால் மட்டும் விழுந்தால், மிஷினின் வயரில் அல்லது உள்ளே கோளாறு, இல்லையென்றால் பிரேக்கர் எழுத்து பொருத்தமில்லை. ஆர்.சி.சி.பி. விழுந்தால் அது கசிவு. அதை வயர்மேன் வந்து பார்க்கும் வரை திரும்பத் திரும்பப் போட்டுப் பார்க்க வேண்டாம்.

நன்றாக ஓடி, பத்துப் பதினைந்து நிமிடத்தில் விழுந்தால், அது நிதானக்காரரின் வேலை. ஓய்வு கொடுக்காமல் எரிக்கிறோமா, வோல்டேஜ் குறைவா, பிரேக்கர் ஸ்குரூ தளர்ந்து அங்கேயே சூடாகிறதா என்று பார்க்க வேண்டும். இந்த எல்லாவற்றுக்கும் "63 ஆம்பியர் போட்டுடலாம்" என்பது மருந்தல்ல. 63 போட்டால் 6 ஸ்கொயர் எம்.எம். வயருக்குக் காவலே இல்லை.

தளர்ந்த ஜாயிண்டைக் கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. வெல்டிங் நடக்கும்போது வயர்மேன் போர்டில் ஒரு முறை, சாக்கெட்டில் ஒரு முறை வோல்டேஜ் அளக்கட்டும். மிஷினை முழு அளவில் வைத்து எரிக்கும்போது போர்டில் 219, சாக்கெட்டில் 213 என்றால், 6 வோல்ட் வித்தியாசம், நம் கணக்குப்படி சரி. சாக்கெட்டில் 204 காட்டினால் வித்தியாசம் 15 வோல்ட். கேபிள் எடுத்துக்கொண்டது 6, மீதி 9 வோல்ட் எங்கோ ஒரு ஸ்குரூவில் போகிறது. 9 வோல்ட்டை 31 ஆம்பியரால் பெருக்கினால் சுமார் 280 வாட். கட்டைவிரல் அளவு இடத்தில் 280 வாட் சூடு! இந்த இடத்தில்தான் தீ பிடிக்கும். போர்டிலேயே வோல்டேஜ் பெரிதும் இறங்கினால் கோளாறு நம் வயரில் இல்லை, வரும் லைனில் அல்லது மெயின் ஸ்விட்சில்.

மீட்டர் இல்லாத நாட்களில், வேலை முடிந்து பிரேக்கரை இறக்கியதும் பிளக்கின் பிளாஸ்டிக் உடலைப் புறங்கையால் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பு இருக்கலாம். கை வைக்க முடியாத சூடு, பழுப்பு நிறம், மீன் கவிச்சி போன்ற வாடை இருந்தால் மறுநாள் வேலை அந்தச் சாக்கெட்டில் இல்லை.

வெளியே வேலைக்குப் போகும்போது எக்ஸ்டென்ஷன் வேண்டுமென்றால், 6 ஸ்கொயர் எம்.எம். மூன்று கோர் ஃபிளெக்சிபிள் கேபிள் வாங்குங்கள். உபயோகிக்கும்போது முழுவதும் பிரித்துப் போடுங்கள். சுருட்டியபடியே வைத்தால் உள் சுற்றுகளின் சூடு வெளியேற வழியில்லாமல் உறை உருகும்.

மின் இணைப்பு பற்றி

வீட்டு இணைப்பில் தொழில் வெல்டிங் செய்யக்கூடாது. 2003 மின்சாரச் சட்டம் 126-ஆம் பிரிவில், அனுமதித்த உபயோகத்தை மாற்றிப் பயன்படுத்தினால் கூடுதல் தொகை விதிக்க வழி இருக்கிறது. விண்ணப்பம் கொடுக்கும்போது மிஷினின் தகட்டை நகல் எடுத்து பிரிவு அலுவலகத்தில் காட்டுங்கள். நம் உதாரண மிஷின் 5 கிலோ வாட்டுக்குக் கொஞ்சம் மேல். சிங்கிள் பேஸா, திரீ பேஸா என்பதை அதை வைத்து அவர்கள் சொல்வார்கள். கடன் விண்ணப்பம் எழுதும் முன்பே இதைக் கேட்டுவிட்டால், இணைப்புக் கட்டணம், கேபிள், பிரேக்கர், ஆர்.சி.சி.பி., சாக்கெட், எர்த் குழி, வயர்மேன் கூலி எல்லாவற்றையும் மதிப்பீட்டில் தனி வரியாக எழுதலாம். மிஷின் வந்த பிறகு சந்தா பிரித்து வயர் வாங்கும் நிலை வராது.

கூட்டத்தில் செய்து பார்க்க ஒரு கணக்கு

இன்னொரு குழு சிறிய மிஷின் வாங்குகிறது. தகட்டில் அதிகபட்சம் 24 ஆம்பியர், டியூட்டி சைக்கிள் 60 சதவீதம். கொட்டகை 45 டிகிரி. என்ன போடலாம்?

விடை: 24-ஐ 24-ஆல் பெருக்கினால் 576. அதில் 60 சதவீதம் 346. அதே எண்ணால் பெருக்கி 346 தருவது 18.6. இது 16-ஐத் தாண்டுவதால் வீட்டு சாக்கெட் ஆகாது, 32 ஆம்பியர் நீல சாக்கெட்தான். பிரேக்கர் 'சி' 25. கேபிள் 4 ஸ்கொயர் எம்.எம்., 32-ஐ 0.79-ஆல் பெருக்கினால் 25.3, பிரேக்கரை விடக் குறையவில்லை, சரி. பின்னால் பெரிய மிஷின் வாங்கும் எண்ணம் இருந்தால், இப்போதே 6 ஸ்கொயர் எம்.எம். இழுத்துவிட்டு பிரேக்கரை மட்டும் 25 வைக்கலாம். கேபிளை விட பிரேக்கர் சிறியதாக இருப்பதில் ஆபத்தில்லை. பிரேக்கரை விட கேபிள் சிறியதாக இருப்பதில்தான் ஆபத்து.